போட்டோ, உறுதிமொழி வேண்டாம்: பிரிட்டன் வேலைக்கு ரெஸ்யூமை மாற்றுவது எப்படி?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஆறு வருடமாக வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர், பிரிட்டன் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ரெஸ்யூம் நம்ம ஊர் வழக்கப்படி இருக்கிறது. மேலே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், அதற்குக் கீழே ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற வரியும் கையெழுத்தும். இதில் எதை எடுக்க வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

ஏன் எடுக்க வேண்டும்?

பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி, வயது, மதம், இனம், பாலினம், திருமண நிலை போன்றவற்றைக் காரணமாக வைத்து ஒருவரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது. போட்டோ வைப்பது குற்றம் இல்லை. ஆனால் அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்ற புகார் வரக்கூடாது என்பதால், அங்குள்ள நிறுவனங்கள் இந்த விவரங்களை எதிர்பார்ப்பதே இல்லை.

நம் பக்கம் பார்த்தால் இன்னொரு காரணமும் உண்டு. ரெஸ்யூம் பல ஏஜென்ட்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முழு முகவரி, கையெழுத்து எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தால், உங்கள் பெயரில் மோசடி செய்ய நினைப்பவருக்கு அது போதும். முகவரிக்கு ஊர், மாநிலம், நாடு என்று போட்டாலே போதும். பாஸ்போர்ட் விவரங்களை வேலை உறுதியான பிறகு, நிறுவனம் கேட்கும்போது கொடுங்கள்.

உறுதிமொழியும் வேண்டாம். அங்கே விண்ணப்பப் படிவத்திலேயே தனி உறுதிமொழி இருக்கும். அந்த இடத்தில் ‘ரெஃபரன்ஸ் கேட்டால் தரப்படும்’ என்று ஒரு வரி எழுதலாம். பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் குறைந்தது கடைசி மூன்று வருட வேலைக்கு ரெஃபரன்ஸ் சரிபார்க்கும். அதனால் உங்கள் மேற்பார்வையாளரின் அலுவலக மின்னஞ்சலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் கவனம்

நாம் ‘எஸ். கவிதா’ என்று எழுதுவோம். அங்கே இனிஷியல் என்றால் பலருக்குப் புரியாது. அதனால் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, அப்படியே முழுசா எழுதுங்கள். ரெஸ்யூம், ஆங்கிலத் தேர்வுச் சான்று, செவிலியர் கவுன்சில் பதிவு எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இல்லையென்றால், சரிபார்ப்பில் வேலை இழுத்துக்கொண்டே போகும்.

மிச்சமான அரைப் பக்கத்தில் என்ன எழுதுவது?

‘சவாலான பணியைத் தேடுகிறேன்’ என்ற நோக்க வரியை எடுத்துவிட்டு, மேலே மூன்று வரிச் சுருக்கம் எழுதுங்கள்: எத்தனை வருட அனுபவம், தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு இருக்கிறதா, ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி தேர்வில் என்ன மதிப்பெண். முதலில் தேடுவது இதைத்தான்.

அடுத்தது அனுபவம். நம் செவிலியர் முதலில் எழுதியிருந்தது: ‘ஐசியூவில் நோயாளிகளைக் கவனித்தேன்.’ மாற்றி எழுதியது: ‘12 படுக்கை ஐசியூ. ஒரு ஷிப்டில் வென்டிலேட்டரில் உள்ள 2 நோயாளிகளுக்குப் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த 4 செவிலியர்களுக்குப் பயிற்சி.’ வேலை அதேதான், ஆனால் படிப்பவருக்கு இப்போது அளவு தெரிகிறது. உண்மையான எண்களை மட்டும் எழுதுங்கள். நேர்காணலில் இதிலிருந்துதான் கேள்வி வரும்.

வேலைகளைச் சமீபத்தியதில் தொடங்கி, மாதமும் வருடமும் போட்டு வரிசையாக எழுதுங்கள். நடுவில் வேலை பார்க்காத எட்டு மாதம் இருந்தால் மறைக்காதீர்கள். ‘குடும்பப் பொறுப்பு’ என்று ஒரு வரி போதும். விளக்கம் இல்லாத இடைவெளிதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

மொத்தம் இரண்டு ஏ4 பக்கம். செல்போனில் கூகுள் டாக்ஸிலேயே தயாரித்து, பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பலாம். தொலைபேசி எண்ணுக்கு முன் +91 போட மறக்காதீர்கள்.

எல்லா நாட்டுக்கும் இது பொருந்தாது

வளைகுடா நாடுகளில் போட்டோ, பிறந்த தேதி, குடியுரிமை ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் இன்னும் கேட்கின்றன. ஜெர்மனியில் போட்டோ கட்டாயமில்லை, ஆனாலும் வைக்கும் பழக்கம் இருக்கிறது. அதனால் நாட்டுக்கு ஒரு ஃபைல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முன், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று emigrate.gov.in தளத்தில் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் நேரடியாக விசாரிக்கலாம்.