டிக்கெட் வேறு, இருக்கை வேறு

ரயில் டிக்கெட் என்றால் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் அதிலேயே இருக்கும் என்று பழகியவர்கள், ஜெர்மனியின் ஐசிஇ அதிவேக ரயிலில் முதல்முறை ஏறும்போது சற்றுத் தடுமாறுவார்கள். அங்கே இரண்டாம் வகுப்பு டிக்கெட் என்பது பயணம் செய்யும் உரிமை மட்டும்தான். உட்கார ஓர் இடம் நிச்சயமாக வேண்டுமென்றால் ஐந்து யூரோவுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து, தனியாக முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். முதல் வகுப்புக்காரர்களுக்கு மட்டும் அது டிக்கெட் விலையிலேயே அடங்கிவிடுகிறது. முன்பதிவு செய்யாதவர்கள் காலியாக இருக்கும் எந்த இருக்கையிலும் உட்காரலாம். வெள்ளிக்கிழமை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலும் அப்படி ஓர் இருக்கை கிடைப்பது அரிது. வழியிலும் கதவோரத்திலும் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து போகிறவர்களை அந்த நாட்களில் பார்க்கலாம்.

அந்த ஐந்து சொச்சம் யூரோவுக்குக் கிடைப்பது இருக்கை மட்டுமல்ல, தேர்வும்கூட. ஜன்னலா வழியோரமா, மேசையா வரிசை இருக்கையா, அமைதிப் பகுதியா போன் பேசும் பகுதியா என்று முன்பதிவுத் திரை கேட்கும். பெட்டியின் வரைபடத்தைப் பார்த்து, குறிப்பிட்ட இருக்கையையே தொட்டு எடுக்கவும் முடியும். பலர் ஜன்னலை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆறு மணி நேரப் பயணம் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் மற்றக் கேள்விகளுக்குச் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது.

முதலில் அமைதிப் பகுதி. பெட்டியின் சுவரில் உதட்டின் மேல் விரல் வைத்த முகம் வரையப்பட்டிருக்கும். திரையில் Ruhebereich என்று வரும். இங்கே போனில் பேசக் கூடாது, மணி ஒலிக்கக் கூடாது, இயர்போனிலிருந்து பாட்டு வெளியே கசியக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மீறினால் அபராதம் என்று எதுவும் கிடையாது. எதிர்வரிசையில் இருக்கும் ஒருவர் நிமிர்ந்து பார்த்து அந்தப் படத்தைச் சுட்டிக்காட்டுவார். அதிலேயே காரியம் நடந்துவிடும். போன் வந்தால் எழுந்து, கண்ணாடிக் கதவைத் தாண்டி, பெட்டியின் வாசல் பகுதிக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதே வழக்கம்.

பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்து எழுப்புவதையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. டிபி நேவிகேட்டர் என்ற ரயில்வே செயலியில் டிக்கெட் வாங்கியவர்கள், உட்கார்ந்ததும் தங்கள் இருக்கை எண்ணை அதில் தாங்களே உறுதி செய்துகொள்ளலாம். பரிசோதகரின் கருவியில் அது தெரிந்துவிடும். அவர் தட்டி எழுப்பாமல் கடந்துபோவார். தூங்குவதற்காகவே அமைதிப் பகுதியில் இடம் எடுத்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வசதி இது.

அமைதிப் பகுதிக்கு நேர்மாறாக, போன் பேசுவதற்கென்றே ஒதுக்கிய Handybereich என்ற பகுதியும் உண்டு. வெறும் மரியாதைக்காகப் பிரித்த பகுதி அல்ல இது. ரயில் ஜன்னல் கண்ணாடியில் வெயிலின் சூட்டைத் தடுக்க மிக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு வெப்பத்தோடு கைபேசி அலைகளையும் தடுத்துவிடும். அதனால் வெளியே இருக்கும் சிக்னலை வாங்கி உள்ளே பெருக்கித் தரும் கருவிகள் தேவைப்பட்டன. போன் பகுதி அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தது. ஐசிஇ 3 நியோ என்ற புதிய ரயில்களில், அந்தப் பூச்சில் லேசரால் நுண்ணிய கோடுகள் கிழித்து, அலைகள் உள்ளே வர வழிவிட்டிருக்கிறார்கள்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அமைதிப் பகுதி சரிப்படாது. குழந்தை அழுவது இயல்பு, ஆனால் அங்கே ஒவ்வொரு அழுகைக்கும் பெற்றோர்தான் தவித்துப்போவார்கள். அவர்களுக்கென்றே குடும்பப் பகுதியும், சிறு குழந்தைகளுக்கான தனி அறையும் பல ரயில்களில் இருக்கின்றன. முன்பதிவின்போதே அவற்றைக் கேட்டு வாங்கலாம்.

இனி, ஒரு மாணவியை வைத்து இருக்கைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து படிக்கப் போனவர் அவர். ஹாம்பர்கிலிருந்து தெற்கே ஃப்ரைபுர்க் நகருக்கு மாறுகிறார். கையில் விமானத்தில் கொண்டுவந்த பெரிய சூட்கேஸ் ஒன்று, ஒரு முதுகுப்பை, ஒரு லேப்டாப். பயணம் ஏறக்குறைய ஆறு மணி நேரம். முதல் பாதியில் எழுத்து வேலை, பிறகு கொஞ்சம் தூக்கம் என்பது அவர் திட்டம்.

லேப்டாப் வேலை என்றதும் மேசை இருக்கைதான் நினைவுக்கு வரும். நடுவில் மேசை, இருபுறமும் எதிரெதிராக இரண்டிரண்டு இருக்கைகள். மூன்று நண்பர்களோடு போனால் அதைவிட நல்ல இடம் இல்லை. தனியாகப் போகிறவருக்கு அந்த மேசையில் உண்மையில் கிடைப்பது கால் பங்குதான். எதிரே இருப்பவர் முன்பின் தெரியாதவர். கால் நீட்டினால் அவர் காலில் படும். அவர் ரொட்டியும் காபியும் பரப்பிவிட்டால் லேப்டாப்பை விளிம்புக்கு இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். வரிசை இருக்கையில், முன்சீட்டின் முதுகிலிருந்து இறங்கும் மடக்குப் பலகை சிறியது. ஆனால் முழுக்க அவருடையது. பதின்மூன்று பதினான்கு அங்குல லேப்டாப் அதில் அடங்கிவிடும். தாள்களையும் புத்தகங்களையும் பரப்பி வைக்கத் தேவை இல்லையென்றால் தனிப் பயணிக்கு வரிசை இருக்கையே மேல்.

அடுத்த கேள்வி பிளக் பாயிண்ட். ஐசிஇ ரயில்களில் இது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டாம் வகுப்பில் பல இடங்களில் பக்கத்துப் பக்கத்து இருக்கை இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் இருக்கும். இருக்கைகளுக்கு நடுவே கீழே குனிந்து தேட வேண்டியிருக்கும். மின்சாரம் இந்தியாவைப் போலவே 230 வோல்ட் என்பதால் சார்ஜருக்கு ஆபத்தில்லை. சிக்கல் செருகியில்தான். ஜெர்மனியின் பாயிண்ட், இரண்டு உருண்டைக் கம்பிகள் நுழையும் குழிவான வட்டம். நம் ஊர் இரண்டு கம்பிக் கைபேசி சார்ஜர் பெரும்பாலும் அதில் நுழைந்துவிடும், சற்றுத் தளர்வாக நிற்கும். லேப்டாப்பின் மூன்று கம்பிச் செருகி நுழையவே நுழையாது. ஓர் அடாப்டர் சூட்கேஸின் அடியில் கிடக்காமல் முதுகுப்பையில் இருக்க வேண்டும்.

சூட்கேஸை எங்கே வைப்பது? தலைக்கு மேல் உள்ள பரணில் கைப்பைகளும் சிறிய டிராலிகளும் வைக்கலாம். இருபது கிலோவுக்கு மேல் உள்ள சூட்கேஸைத் தலைக்கு மேல் தூக்குவது பலரால் ஆகாது. கதவோரத்திலும் சில பெட்டிகளின் நடுவிலும் உயரமான சாமான் அடுக்குகள் இருக்கின்றன; ஹாம்பர்க்கைத் தாண்டுவதற்குள்ளேயே அவை நிரம்பிவிடக்கூடும். மேலும், கதவோர அடுக்கில் இருக்கும் சூட்கேஸ் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. நிலையத்தில் கதவு மூடும் நேரம் பார்த்து ஒருவர் அதை உருட்டிக்கொண்டு இறங்கிவிட்டால், தெரிய வரும்போது ரயில் ஐம்பது கிலோமீட்டர் போயிருக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஐசிஇ இருக்கைகள் நிலையானவை. சில ஒரு திசையையும் சில எதிர்த்திசையையும் பார்த்திருக்கும். இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகாகச் சேரும் இடத்தில், சாய்ந்த முதுகுகள் மேலே நெருங்கி, கீழே அகன்று, கூடாரம் போல ஓர் இடைவெளி உருவாகும். பெரிய சூட்கேஸ் ஒன்றைப் பக்கவாட்டில் அதற்குள் தள்ளிவிடலாம். தூக்கவும் வேண்டாம், கண்ணைவிட்டும் போகாது. வரைபடத்தில் இருக்கைகளின் முதுகுகள் எந்தப் பக்கம் என்று பார்த்தால் இந்த இடைவெளியைக் கண்டுபிடித்து, அதை ஒட்டிய இருக்கையை எடுத்துவிடலாம். நம் மாணவிக்கு எடுக்க வேண்டிய இருக்கை அதுதான்: அமைதிப் பகுதியில், முதுகு இடைவெளியை ஒட்டிய, வழியோர வரிசை இருக்கை. ஜன்னலை அவர் விட்டுக்கொடுப்பதில் பெரிய இழப்பும் இல்லை. ஜன்னல்களின் இடைவெளியும் இருக்கைகளின் இடைவெளியும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை என்பதால், ‘ஜன்னல் இருக்கை’ என்று வாங்கியவருக்குச் சில சமயம் பக்கத்தில் சுவர்தான் வாய்க்கிறது.

ஜப்பான் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. டோக்கியோவிலிருந்து ஒசாகா பக்கம் ஓடும் ஷின்கான்சென் ரயில்களில், 2020 மே மாதத்திலிருந்து, நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் சாமானுக்கு, பெட்டியின் கடைசி வரிசைக்குப் பின்னால் உள்ள இடத்தோடு சேர்த்து இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. முன்பதிவு இல்லாமல் கொண்டுவந்தால் 1,000 யென். சாமானுக்கு இடம் சொந்தம் என்று உறுதியாகத் தெரிவது பெரிய நிம்மதி. ஜெர்மனியில் முந்தி ஏறுகிறவருக்கே அந்த இடைவெளி.

முந்தி ஏறுவதற்கு நடைமேடையில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். பதின்மூன்று பெட்டி ஐசிஇ 4 ரயிலின் நீளம் 374 மீட்டர். நடைமேடை A, B, C என்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; எந்தப் பெட்டி எந்தப் பகுதியில் நிற்கும் என்று பலகையிலும் செயலியிலும் காட்டுவார்கள். பெட்டிகளின் வரிசை இன்று தலைகீழ் என்ற அறிவிப்பு சில நாட்களில் கடைசி நிமிடத்தில் வரும். அப்போது எல்லாரும் சூட்கேஸை இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுவார்கள். ரயில் வரும் வரை பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பது நல்லது.

ஏறியதும், இருக்கையின் மேல் உள்ள சிறு திரையில் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை முன்பதிவு என்று இருக்கும். வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் அத்துமீறியவர் அல்ல. ஆள் வருகிறாரா என்று பார்த்துக் காத்திருப்பவர். ‘மன்னிக்கவும், இது நான் முன்பதிவு செய்த இடம்’ என்று செயலியைக் காட்டினால் எழுந்துவிடுவார். ஆனால் ரயில் புறப்பட்டுப் பதினைந்து நிமிடத்துக்குள் போய் உட்கார்ந்தாக வேண்டும். அதற்கு மேல் அந்த இடத்தில் உரிமை இல்லை. ஆகவே, ஏறியதும் உணவுப் பெட்டிக்குப் போய்க் காபி குடிப்பது கூடாது. முன்பதிவு இல்லாதவர்கள் திரையில் ggf. freigeben என்று பார்த்தால் உட்காரலாம். தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அதன் பொருள்: இப்போது காலி, அடுத்த ஊரில் யாராவது கடைசி நேரத்தில் எடுத்திருக்கலாம்.

நான்கு மணி நேரம் கழித்து ஃபிராங்க்பர்ட். அது தண்டவாளங்கள் முடிந்துவிடும் முனை நிலையம். உள்ளே முன்னால் போன ரயில், வெளியே வரும்போது பின்பக்கமாகப் புறப்படும். ஹாம்பர்கிலிருந்து முன்னோக்கி உட்கார்ந்து வந்தவர் மீதித் தூரத்தைப் பின்னோக்கிக் கடப்பார். முன்பதிவில் ‘பயணத் திசையைப் பார்த்து’ என்று கேட்க முடியாததற்குக் காரணம் இதுதான். பின்னோக்கிப் போனால் தலைசுற்றும் என்பவர்கள், வழியில் முனை நிலையம் இருக்கிறதா என்று பார்த்து, பயணத்தின் நீண்ட பகுதிக்குப் பொருந்தும் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க முயலலாம். பெட்டிகள் வழக்கமான வரிசையில் வந்தால்தான் அந்தக் கணக்கும் பலிக்கும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும், குறித்த ரயிலுக்குப் பதில் வேறு வகை ரயில் வந்து நிற்கும் நாளும் உண்டு. முன்பதிவில் உள்ள பெட்டியே அதில் இருக்காது. அப்போது கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். முன்பதிவு விவரத்தை அழிக்காமல் வைத்திருந்தால், இருக்கை தரப்படாததற்கு அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.