மிஞ்சிய இரண்டு கட்டங்கள்

பிரிட்டனில் கணிதப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பவர், 'கணக்கு எனக்கு உயிர்' என்று எழுதிப் பயனில்லை. ஒரு புதிரோடு மல்லுக்கட்டியதைக் காட்டலாம். சதுரங்கப் பலகையின் எதிரெதிர் மூலைகளிலுள்ள இரு வெள்ளைக் கட்டங்களை நீக்கினால் மிச்சம் 62. இரண்டிரண்டு கட்டங்களை மூடும் 31 வில்லைகளால் அதை நிரப்ப முடியுமா? எப்படி அடுக்கினாலும் இடிக்கும். 4 x 4 பலகையில் முயன்றால், மிஞ்சுவதில் எப்போதும் கறுப்பே இரண்டு அதிகம் என்பது கண்ணில் படும். பெரிய பலகையிலும் அதே கதை: கறுப்பு 32, வெள்ளை 30. ஒவ்வொரு வில்லையும் இரு நிறத்திலும் ஒன்றை மூடுவதால் நிரப்பவே முடியாது. சின்னப் பலகைக்கு ஏன் இறங்கினார் என்பதைத்தான் அவர் விரிவாக எழுத வேண்டும். கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று நீக்கினால்? எந்த இரண்டானாலும் நிரப்பலாம் என்று நிரூபித்தவர் ரால்ஃப் கோமரி.