கரை தெரிகிறது, கட்டணம் விண்ணில்

ஹெல்சிங்கியிலிருந்து டாலினுக்குக் கப்பலில் சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். ஃபின்லாந்தும் எஸ்டோனியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால், ஒரு நாட்டு சிம்மை மற்ற நாட்டில் உள்ளூர்க் கட்டணத்திலேயே பயன்படுத்தலாம். அதனால் அங்குள்ளவர்கள் டேட்டா ரோமிங்கை அணைப்பதே அபூர்வம். நடுக்கடலில் வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வழித்தடங்களில் ஓடும் பல கப்பல்களுக்குள் சிறிய செல்போன் ஆன்டெனாக்கள் உண்டு. அவற்றில் ஏறும் அழைப்பும் டேட்டாவும் செயற்கைக்கோள் வழியாகவே கரை சேரும். சலுகைக் கட்டணச் சட்டம் தரையிலுள்ள நெட்வொர்க்குகளுக்கு மட்டுமே. கப்பல் நெட்வொர்க் எந்த நாட்டுக்கும் உரியதல்ல. அதற்கான எண் 901 என்று தொடங்கும்.

கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள், அதாவது 3.7 கிலோமீட்டருக்குள், கப்பலின் 2ஜி, 3ஜி ஆன்டெனாக்கள் அணைந்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதைத் தாண்டினால் இயக்கலாம், ஆனால் 12 கடல் மைல் வரை உள்ளரங்க ஆன்டெனா மட்டும்தான். கரைக் கோபுரங்களின் சிக்னலும் அந்தத் தூரத்தில் பெரும்பாலும் எட்டும். ஆகவே மேல்தளத்தில் நிற்பவரின் போன் கரையைப் பிடித்திருக்க, கீழே உணவகத்தில் இருப்பவரின் போன் கப்பலைப் பிடித்திருக்கலாம். இரும்புச் சுவர் கரைச் சிக்னலை மறைத்துவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் ஆன்டெனாவோ பலமாக இருக்கிறது. ஒருமுறை அதில் ஒட்டிக்கொண்ட போன், சிக்னல் நன்றாக இருக்கும்வரை அவசரமாகக் கரைக்குத் திரும்பாது. ஜன்னல் வழியே கரை தெரிகிறதே என்று நம்பி உட்கார்ந்திருப்பது வீண்.

ஒரு எம்பிக்கு 5 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மேல்தளத்தில் எடுத்த 20 படங்கள், ஒவ்வொன்றும் 4 எம்பி. உணவகத்தில் உட்கார்ந்ததும் போன் தானாகவே அவற்றை இணையச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கினால் 80 எம்பி, 400 யூரோ. போனைத் தொடக்கூட வேண்டியதில்லை. இப்படித் தற்செயலாகக் கப்பல் நெட்வொர்க்கில் சிக்குவதைத் தடுக்க நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2022-இல் வந்த ஒன்றியச் சட்டம் சொல்கிறது. வெளியாட்களின் சிம்முக்கு அந்தக் காப்பும் கிடையாது.

திரையில் நிறுவனத்தின் பெயர் மாறுவதும், கட்டணத்தைச் சொல்லும் குறுஞ்செய்தி வருவதும்தான் அறிகுறிகள். ஆனால் செய்தியைப் படிப்பதற்குள் பின்னணியில் டேட்டா ஓடத் தொடங்கியிருக்கலாம். கயிறு அவிழ்க்கும் முன்பே ஃப்ளைட் மோடுக்கு மாற்றி, வைஃபையை மட்டும் திறந்துகொள்வது நல்லது. அழைப்பு வந்தாக வேண்டும் என்பவர்கள், நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து, கரை நிறுவனத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். சிக்னல் போனால் போன் சும்மா கிடக்கும், கப்பலைத் தேடிப் போகாது. டாலினில் இறங்கியதும் மறுபடி தானியங்கிக்கு மாற்ற வேண்டும். மறந்தால் எஸ்டோனியாவிலும் அது ஃபின்லாந்து கோபுரத்தையே தேடிக்கொண்டிருக்கும்.