மெக்கானிக் கடையில் தொடங்கும் முப்பரிமாண அச்சுத் தொழில்

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் டைமரைத் திருப்பும் நாப் உடைவது பல வீடுகளில் நடப்பதுதான். மோட்டார் நன்றாக ஓடும், டைமரிலும் பழுது இருக்காது. நாப்பின் உள்ளே, டைமர் தண்டைக் கவ்விப் பிடிக்கும் இடம் மட்டும் விரிசல் விட்டிருக்கும். கடையில் கேட்டால் அந்த மாடல் வருவதே நின்றுவிட்டது என்பார்கள். அப்புறம் கட்டிங் பிளேயரால் தண்டைத் திருப்பித் துணி துவைப்பதே வழக்கமாகிவிடும். முப்பரிமாண அச்சில் சிறுதொழில் தொடங்க நினைப்பவர்கள் தேட வேண்டியது இப்படிப்பட்ட வேலைகளைத்தான்.

உருக்கிய பிளாஸ்டிக் இழையை, ஜாங்கிரி பிழிவதுபோல, அடுக்கின்மேல் அடுக்காகப் போட்டுப் பொருளை எழுப்புவதுதான் இந்த இயந்திரத்தின் வேலை. இந்த முறைக்கான அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியானது. அதன்பிறகு பல நிறுவனங்கள் இயந்திரம் செய்யத் தொடங்கின, விலையும் இறங்கியது. இன்று 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் தொழிலைத் தொடங்கத்தக்க இயந்திரம் கிடைக்கிறது.

அந்த நாப்பையே செய்து பார்ப்போம். உடைந்த துண்டை மட்டும் நம்பக் கூடாது. முடிந்தால் மெஷினில் நிற்கும் தண்டையும் வெர்னியர் காலிபரால் அளக்க வேண்டும். தண்டு முழு வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். விட்டம் 6 மி.மீ., தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 4.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கணினியில் துளையை அதே அளவில் வரைந்தால் தண்டு உள்ளே போகாது, ஏனென்றால் இந்த அச்சில் துளைகள் வரைந்ததைவிடச் சற்றுச் சிறிதாகவே வரும். முழு நாப்பை அச்சிட்டுப் பார்த்துவிட்டு வருந்துவதைவிட, 4 மி.மீ. உயரத்தில் மூன்று வளையங்களை மட்டும் அச்சிட்டுக்கொள்ளலாம். அவற்றின் துளைகள் 6.1, 6.2, 6.3 மி.மீ. என்று இருக்கட்டும், தட்டைப் பக்க அளவையும் அதே அளவு கூட்டிக்கொள்ள வேண்டும். சில நிமிட வேலைதான். எந்த வளையம் லேசான அழுத்தத்தில் ஏறி, ஆடாமல் நிற்கிறதோ அதுவே சரியான அளவு.

அடுத்தது, எந்தப் பக்கம் படுக்கவைத்து அச்சிடுவது என்பது. அச்சிட்ட பொருள் இரண்டு அடுக்குகள் ஒட்டும் இடத்தில்தான் எளிதில் பிளக்கும். நாப்பைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால், தண்டு திரும்பும்போதெல்லாம் ஆப்பு அடித்ததுபோல அடுக்குகள் விலகும். முகப்பைக் கீழே வைத்துத் துளை மேல்நோக்கி இருக்குமாறு அச்சிட்டால், ஒவ்வோர் அடுக்கும் தண்டைச் சுற்றி முழு வளையமாக நின்று விசையைத் தாங்கும். பழைய நாப்பில் விரிசல் விட்ட சுவரின் தடிமனையும் இதோடு கூட்டிவிடலாம். கம்பெனி நாப்பைவிட இது நெடுநாள் உழைக்கவும் கூடும்.

இனி கணக்கு. நாப்பின் எடை 15 கிராம். ஃபிலமென்ட் கிலோ 1,000 ரூபாய் என்றால், பொருளுக்கு 15 ரூபாய். ஒன்றரை மணி நேர அச்சுக்கு மின்செலவு ஓரிரு ரூபாய்தான். ஆனால் அளக்க, வரைய, சரிபார்க்க 2 மணி நேரம் போயிருக்கும். நம் உழைப்புக்கு மணிக்கு 200 ரூபாய் போட்டாலே 400 ரூபாய் ஆகிறது. உடைந்த நாப்போடு வரும் வீட்டுக்காரரோ 150 ரூபாய்க்கு மேல் கொடுக்க யோசிப்பார். ஒன்று செய்து விற்றால் நஷ்டம்தான்.

பத்து செய்தால் கதை வேறு. வரைந்த கோப்பு நம்மிடமே இருக்கிறது, பதினோராவது நாப்புக்கு நம் நேரம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆகவே வீடு வீடாக வாடிக்கையாளர் தேடுவதில் பயனில்லை. ஊரிலுள்ள வாஷிங் மெஷின், ஃபேன், தையல் மெஷின் மெக்கானிக்குகளிடம் போய், “எந்த பார்ட் அடிக்கடி கேட்டு வருது, கிடைக்கிறதில்லை?” என்று விசாரிக்க வேண்டும். அவருக்கு 70 ரூபாய்க்குக் கொடுத்தால், மாட்டும் கூலியையும் சேர்த்து 150க்கு அவர் முடித்துக்கொள்வார். பொருள் பொருந்தாவிட்டால் எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவரும் அவர்தான். உருவத்தைத் திருப்பிச் செய்தாலும் கம்பெனி முத்திரையை அதில் போடக் கூடாது.

மறுக்க வேண்டிய வேலைகளும் உண்டு. பி.எல்.ஏ. என்ற மலிவான, அச்சிட எளிதான பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலே வளைந்துவிடும். பி.இ.டி.ஜி. வகை இன்னும் 15, 20 டிகிரி கூடுதலாகத் தாங்கும், நாப்புக்கு அதுதான் சரி. கேஸ் அடுப்பு, குக்கர், பிரேக் ஆகியவற்றின் பாகங்களை யார் கேட்டாலும் செய்யக் கூடாது. மிக்ஸி கப்ளரும் இந்தப் பட்டியலில்தான் வரும். சூடும் வேகமும் சேர்ந்து அதை அரைத்துத் தள்ளிவிடும்.

பள்ளிகளுக்கான கற்பித்தல் மாதிரிகளிலும் இதே கணக்குதான், ஒரு முறை வரைந்ததைப் பல முறை விற்க வேண்டும். பிரிண்டர் வாங்கியதும் எல்லோரும் இதயம், மண்டை ஓடு என்று இறங்குவார்கள். அவை ஏற்கெனவே அச்சில் வார்த்து மலிவாக விற்கின்றன, நாம் போட்டி போட முடியாது. (a+b)³ விரிவாக்கத்தைக் காட்டும் கனசதுரம் நல்ல தேர்வு. a 30 மி.மீ., b 20 மி.மீ. என்று கொண்டால் மொத்தம் எட்டுத் துண்டுகள். a³ ஒன்று, b³ ஒன்று, a²b மூன்று, ab² மூன்று. நான்கு வகைக்கும் நான்கு நிறம். எட்டையும் அடுக்கினால் 50 மி.மீ. கனசதுரம் வரும். சூத்திரத்தில் அந்த 3 எங்கிருந்து வந்தது என்று குழந்தை கையாலேயே எண்ணிவிடும்.

இங்கே வரும் தொல்லை, முதல் அடுக்கு அழுந்தி ஓரம் பிதுங்குவது. ஒரு துண்டில் அது கண்ணுக்குத் தெரியாது. அடுக்கிப் பெட்டியில் வைக்கும்போதுதான் மூடி மூடாது. விளிம்புகளைக் கீழே அரை மி.மீ. சரித்து வரைந்து, பெட்டியின் உள்ளளவை 50.5 மி.மீ. வைத்தால் தீர்ந்தது. 20 செட் ஆர்டர் என்றால், செட் செட்டாகப் போடாமல் நிறம் நிறமாகப் போட்டு முடிக்க வேண்டும். இல்லையென்றால் இழை மாற்றுவதிலேயே நாள் போய்விடும்.

பரிசுப் பொருள்தான் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. ஒருவர் பெயர் போட்ட சாவிக்கொத்தை இன்னொருவருக்கு விற்க முடியாது, பிழை வந்தால் குப்பைதான். தமிழ்ப் பெயரில் கூடுதல் சிக்கலும் உண்டு. சில வடிவமைப்பு மென்பொருள்களில் ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப்பில் பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக்கொண்டு பிறகு இறக்குவதே பத்திரம். ‘கார்த்திக்’ என்று எழுதினால் மூன்று புள்ளிகளும் அந்தரத்தில் நிற்கும். பின்னால் 2 மி.மீ. தகடு கொடுக்காவிட்டால் மேடையிலிருந்து எடுக்கும்போதே அவை தனியாக உதிரும். பெயரை வாடிக்கையாளரையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி, படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கி, பாதிப் பணம் கைக்கு வந்தபின் அச்சிட வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வடிவங்களில் பல, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு வருபவை. கார்ட்டூன் பாத்திரங்களுக்கும் உரிமையாளர்கள் உண்டு.

பிறந்தநாள் ஆர்டர் மழைக்காலத்தில் வந்தால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இழை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நாசிலிலிருந்து படபடவென்று சத்தம் வந்து, பொருளின்மேல் நூல் நூலாகத் தொங்கினால் ஈரம்தான் காரணம். பி.எல்.ஏ. சுருளை 45 முதல் 50 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்தால் அடுத்த ஆர்டருக்குச் சிக்கலில்லை.