மேசன் பாஸுக்குப் பத்து

பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து முன்பள்ளிக்குக் கூரை மாற்றும் வேலை. வேலையைப் பார்க்கும் தம்பி அங்கே பிறந்து வளர்ந்தவர். காசு அனுப்பும் சக ஊழியர் இருப்பது லண்டனில். அவருக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. இருவருக்கும் நடுவில் கொழும்பு அலுவலகத்தில் நான் இருக்கிறேன். 2025 ஜூலை 9, புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் தம்பி அனுப்பியது இது:

"அக்கா, தஹடு 25 வந்திருச்சி, ஹரி. பாஸ் இன்னைக்கி வரல்ல. நாளைக்கி போயா, வெள்ளிக்கிழம வருவாராம். பாஸுக்கு பத்து குடுக்கணும். முதலாளி பில் தரல்ல, காசு முழுசா கேக்குறாரு. ஜீஎஸ் கடிதம் எடுத்திட்டேன். சபாவுல லொக்கு மாத்தையா நிவாடாம், திங்கள் வரச் சொன்னாங்க."

பதுளை, பண்டாரவளைப் பக்கம் பேசும் எவருக்கும் இதில் புரியாதது ஒன்றும் இல்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் அரச அலுவலகத்திலும் சிங்களத்தோடு நாளெல்லாம் புழங்குகிற தமிழ் இது. சென்னையில் இருந்து ஒருவர் இதைப் படித்தால் பாதியில் நின்றுவிடுவார். நின்றுவிட்டால் நல்லதுதான், கேட்டுத் தெரிந்துகொள்வார். நமக்குத் தெரிந்த சொல் மாதிரி இருந்து வேறொன்றைச் சொல்லும் சொற்கள்தான் ஆபத்தானவை. இந்தச் செய்தியில் அப்படி மூன்று இருக்கின்றன.

முதலாவது, பாஸ். தமிழ் எழுத்தில் இதை மூன்று விதமாகப் படிக்கலாம். நுழைவதற்கான அனுமதிச் சீட்டு என்றும் படிக்கலாம், ஆங்கில வழக்கப்படி மேலதிகாரி என்றும் படிக்கலாம். இலங்கையிலோ பாஸ் என்றால் கைத்தொழில் தெரிந்தவர். கல் கட்டுகிறவர் மேசன் பாஸ், மரவேலை செய்கிறவர் தச்சு பாஸ். ஒல்லாந்தர் இந்தத் தீவின் கரையோரங்களை ஆண்ட காலத்தில் அவர்களுடைய மொழியில் எசமான், தலைமைத் தொழிலாளி என்ற பொருளில் இருந்த சொல் சிங்களத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழுக்கும் வந்தது. ஆங்கிலத்தில் மேலதிகாரியைக் குறிக்கும் சொல்லும் அதே ஒல்லாந்துச் சொல்லில் பிறந்ததுதான். ஒரு வேரில் வந்த இரண்டு சொற்கள், ஒன்று மேலதிகாரியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தது, மற்றது சாந்துக் கரண்டியோடு சாரத்தில் ஏறியது. 'பாஸுக்கு பத்து குடுக்கணும்' என்பதை ஒலியை நம்பி ஆங்கிலத்தில் எழுதினால், அதிகாரி ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று வரும். லண்டனில் கணக்குப் பார்க்கும் ஒருவர் அதை லஞ்சம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அத்தோடு கொடுப்பனவு நின்றுபோகும், அந்தத் தம்பிமேல் ஒரு சந்தேகமும் விழும்.

இரண்டாவது, முதலாளி. இது நம் சொல்தான். சிங்களத்துக்குப் போய் அங்கே கடைக்காரர், வியாபாரி என்ற பொருளில் ஊன்றியது, இலங்கை ஆங்கிலத்திலும் அப்படியே புழங்குகிறது. இலங்கைத் தமிழிலும் சொந்தக் கடை வைத்திருப்பவர் யாரானாலும் முதலாளிதான். ஆகவே 'முதலாளி காசு முழுசா கேக்குறாரு' என்றால் தம்பிக்குச் சம்பளம் கொடுப்பவர் காசு கேட்கிறார் என்று அர்த்தம் இல்லை. தஹடு விற்ற கடைக்காரர் மிச்சக் காசைக் கேட்கிறார், அவ்வளவுதான். தஹடு என்பது சிங்களத்தில் தகடுகள். முன் வாக்கியத்தில் கூரைத் தகடு வந்திருப்பதால், இந்த முதலாளி யார் என்பது செய்திக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது மிகச் சிறியது: ஹரி. சிங்களத்தில் சரி என்று பொருள். தமிழ்ப் பெயர் மாதிரியும் இருப்பதால், இருபத்தைந்து தகட்டைக் கொண்டுவந்தவர் ஹரி என்ற ஒரு மனிதர் என்று எழுதிவிட இடம் உண்டு. அப்படிச் செய்தால் இல்லாத ஒருவரின் பெயர் அலுவலகக் கோப்பில் ஏறிவிடும்.

இந்த மூன்றுக்கும் அகராதி பெரிதாக உதவாது. நான் செய்வது, சந்தேகமான சொல் வரும்போது அதன் இடத்தை வெறுமையாக விட்டு வாக்கியத்தை வாசிப்பது. இன்று வராதவர், வெள்ளிக்கிழமை வருபவர், காசு வாங்க வேண்டியவர். அவர் வந்தால்தான் கூரை வேலை நடக்கும். அப்படி ஒருவர் யார்? மேசன்தான். சொல்லின் பொருளைத் தேடுவதைவிட அந்த மனிதர் செய்யும் வேலையைத் தேடுவது விரைவாக விடை தருகிறது.

அலுவலகப் பெயர்களில் நேர்மாறான கவனம் வேண்டும். அங்கே விளக்கம் சொல்வதைவிட, ஆங்கிலத்தில் அதற்கென்று இருக்கும் பெயரைப் பிடிப்பதுதான் முக்கியம். கிராம அலுவலரைப் பழைய பதவிப் பெயரான கிராம சேவகரின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு மக்கள் இன்னும் ஜீஎஸ் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதே ஆளை விதானையார் என்பார்கள். அதுவும் சிங்களத்தில் வழங்கிய பழைய தலைமைக்காரர் பதவியின் பெயர்தான். ஆங்கில ஆவணங்களிலோ அவர் சிங்களப் பெயரோடு கிராம நிலதாரி. ஒரே அலுவலருக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருந்தாலும், லண்டனுக்குப் போகும் கடிதத்தில் கிராம நிலதாரி என்ற ஒன்றுதான் இருக்க வேண்டும். முதல் தடவை எழுதும்போது மட்டும் 'கிராம மட்ட அரச அலுவலர்' என்று பக்கத்தில் ஒரு சொல் சேர்த்தால் போதும்.

'சபா' இதைவிடச் சிக்கலானது. பிரதேச சபையைச் சிங்கள ஒலியில் பிரதேசிய சபா என்கிறார்கள், சுருக்கமாக சபா. அது மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் உள்ளூராட்சி மன்றம். கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவது அங்கேதான். இதே பெயர்ச் சாயலில் பிரதேச செயலகம் என்று இன்னொன்று உண்டு. அது மத்திய அரசின் நிர்வாக அலுவலகம், கிராம அலுவலர் அதன் கீழே வருகிறார். ஆங்கிலத்தில் இரண்டையும் 'பிரதேச அலுவலகம்' என்ற பொருளில் பொதுவாக எழுதினால், அனுமதிக் கடிதம் எங்கிருந்து வர வேண்டும் என்று லண்டனில் இருப்பவருக்குத் தெரியாது. தவறான அலுவலகத்தின் முத்திரையை எதிர்பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கோப்பை மூடாமல் வைத்திருப்பார்.

இனி, நான் மிகவும் பொருட்படுத்துகிற இடம். வருவாராம், நிவாடாம். நிவாடு என்றால் சிங்களத்தில் விடுமுறை, லீவு. லொக்கு என்றால் பெரிய, மாத்தையா என்றால் ஐயா. 'பெரியவர் லீவிலாம்' என்பதுதான் தம்பி சொன்னது. அந்த 'ஆம்' தமிழ் விகுதி. தான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பதை ஓர் அசையில் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு விகுதி கிடையாது. அவசரத்தில் எழுதும்போது முதலில் உதிர்வது இதுதான். உதிர்ந்தால், மேசன் வெள்ளிக்கிழமை வருவார் என்பது உறுதிமொழியாகிவிடும். அவர் வராவிட்டால் பொய் சொன்னவர் தம்பி என்று ஆகும். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆகவே 'வருவதாக மேசன் சொல்லியிருக்கிறார்', 'லீவில் இருப்பதாகச் சபையில் சொன்னார்கள்' என்று ஆங்கிலத்தில் சொன்னவரையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டு சொல் கூடும், ஒரு மனிதரின் நம்பகம் காப்பாற்றப்படும்.

லொக்கு மாத்தையாவைப் 'பெரிய கனவான்' என்று எழுதக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் அவர் யார்? சபையின் தலைவரா, செயலாளரா, தொழில்நுட்ப அலுவலரா? செய்தியில் இல்லை. ஊகித்துப் பதவி கொடுக்காமல் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, அந்த லொக்கு மாத்தையா யாரு, சேர்மனா?"

"இல்லக்கா, பிளான் பாக்குற டீஓ."

"பாஸுக்கு பத்துன்னா பத்தாயிரமா? அட்வான்ஸா, முடிச்சி கணக்கா?"

"பத்தாயிரம், அட்வான்ஸ். வெள்ளி காலையில குடுத்தாதான் ஆள் நிப்பாரு."

இரண்டு கேள்விக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. கேள்வியைக் குறுக்கிக் கேட்க வேண்டும். 'நீ சொன்னது புரியல்ல' என்றால் தம்பி அதே செய்தியை இன்னொரு தரம் அனுப்புவார்.

போயாவும் நாளும் மிஞ்சியிருந்தன. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. 2025 ஜூலை 10, வியாழன், எசல போயா. லண்டன்காரருக்குப் போயா என்ற பெயரைவிட 'அரச விடுமுறை, வங்கி மூடியிருக்கும்' என்பதுதான் வேண்டும். ஏனென்றால் வெள்ளி காலை கொடுக்க வேண்டிய காசு வியாழன் வங்கியில் நகராது. 'நாளைக்கி' என்ற சொல்லையும் நான் விடவில்லை. புதன் இரவு வந்த செய்தியை லண்டனில் வியாழன் காலையில் வாசித்தால் நாளை என்பது வெள்ளியாக மாறிவிடும். எல்லா நாளையும் கிழமையோடும் திகதியோடும் எழுதினேன். ரூபாய்க்கு முன்னால் இலங்கை என்று போட்டேன். இந்தியாவுக்கும் ரூபாய் உண்டு.

ஆங்கிலத்தில் போன கடிதம் தம்பியின் வரிசையில் போகவில்லை. வாசிப்பவர் எதைச் செய்ய வேண்டுமோ அது முதலில் வந்தது: மேசனுக்கு இலங்கை ரூபாய் 10,000 முற்பணம், வெள்ளி 11ஆம் திகதி காலைக்குள். வியாழன் விடுமுறை என்பதால் மாற்று வழி தேவை. அடுத்து, கூரைத் தகடு 25 வந்துவிட்டது. கடைக்காரர் முழுத் தொகையும் கேட்கிறார், பற்றுச்சீட்டு இன்னும் தரவில்லை, பற்றுச்சீட்டு வரும்வரை அதைச் செலுத்த வேண்டாம். இந்தக் கடைசிப் பாதி தம்பி சொன்னதல்ல, என் யோசனை. அதனால் அதை 'என் பரிந்துரை' என்று பிரித்தே எழுதினேன். பிறகு கிராம நிலதாரியின் கடிதம் கையில் இருப்பது. கடைசியாக, பிரதேச சபையின் தொழில்நுட்ப அலுவலர் லீவில் இருப்பதாகச் சொன்னார்கள், திங்கள் 14ஆம் திகதி மீண்டும் போக வேண்டும் என்பது. 'அக்கா' மட்டும் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. அது எனக்கு வந்த சொல்.

அனுப்புமுன் நான் எழுதிய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லித் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். தகட்டுக்கு "ஓம்" என்றார், கடிதத்துக்கு "ஓம்" என்றார். கடைக்காரர் வந்தபோது நிறுத்தினார்.

"அக்கா, முழுசான்னா இந்த லோடுக்கு மட்டுந்தான். போன மாச சீமெந்து கணக்கு வேற."

அந்த ஒரு வரியைத் திருத்திய பிறகுதான் கடிதம் லண்டனுக்குப் போனது.