பாதி வேகத்தில் முழுப் பலன்

கலிபோர்னியா தங்கச் சுரங்கங்களில் பணியாற்றிய லெஸ்டர் பெல்டன், 1880-இல் காப்புரிமை பெற்ற சக்கரத்தின் விளிம்பில் இரட்டைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். நடுவரம்பில் மோதும் நீர்த்தாரை இரண்டாகப் பிரிந்து, வளைந்து, வந்த திசைக்கே திரும்பும். அப்படித் திரும்புவதால்தான் விசை இரட்டிப்பாகிறது.

நொடிக்கு 100 கிலோ நீர், நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று கொள்வோம். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் விசை 20,000 நியூட்டன். ஆனால் அசைவில்லாததால் திறன் பூஜ்யம். கிண்ணமும் 100 மீட்டர் வேகத்தில் ஓடினால் நீர் அதைத் தள்ளவே முடியாது, அப்போதும் பூஜ்யம்தான். கிண்ணம் 50 மீட்டரில் ஓடும்போது விசை 10,000 நியூட்டன். அதை வேகத்தால் பெருக்கினால் 500 கிலோவாட். தாரை சுமந்துவந்த ஆற்றல் முழுவதும் அவ்வளவே! கிண்ணத்தைவிட்டு வெளியேறும் நீர் வேகமிழந்து நேராகக் கீழே விழும். சக்கரம் மெதுவாக ஓடினால் அந்த நீர் பின்னோக்கிச் சீறும். வீணாகும் ஆற்றலை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

நடைமுறையில் நீரை 180 பாகை திருப்புவதில்லை. திருப்பினால் அது பின்னால் வரும் கிண்ணத்தின் முதுகில் மோதும். அதனால் சுமார் 165 பாகைதான். உராய்வும் சேர்வதால், சிறந்த வேக விகிதம் பாதிக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 0.46-இல் அமைகிறது.