ஜெத்தாவில் ஒரு நாள் குறையும் தேதி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் போகிறது. 2024 ஆகஸ்ட் 12 அன்று ஒரு வியாபாரி எடுத்த சரக்கைத் தன் மென்பொருளில் பதிந்து, பட்டியலை ஜெத்தாவில் இருக்கும் வாடிக்கையாளரும் பார்க்கும்படி வைத்தார் என்று கொள்வோம். போடியில் திரை ஆகஸ்ட் 12 என்கிறது, ஜெத்தாவில் ஆகஸ்ட் 11 என்கிறது. தட்டச்சில் பிழை இல்லை. அப்படியானால் ஒரு நாள் எங்கே போனது?

அவர் கொடுத்தது வெறும் தேதி. மென்பொருளோ அதற்கு ஒரு நேரமும் இருந்தாக வேண்டும் என்று, அன்றைய நள்ளிரவு 12 மணியைத் தானாகச் சேர்த்துக்கொண்டது. சேமிக்கும்போது அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், நம் நள்ளிரவு பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை ஆறரை:

```
new Date(2024, 7, 12).toISOString()
// "2024-08-11T18:30:00.000Z"
```

(ஜாவாஸ்கிரிப்டில் மாதம் 0-இல் தொடங்குவதால் 7 என்பது ஆகஸ்ட். யார் செய்த புண்ணியமோ!) ஜெத்தா பொது நேரத்துக்கு மூன்று மணி முன்னால் இருக்கிறது. எனவே அங்கே இது 11-ஆம் தேதி இரவு ஒன்பதரை. போடியில் திறந்தால் ஐந்தரை மணி திரும்பக் கூடி 12 ஆகிவிடும். எழுதியவர் கண்ணில் பிழை படவே படாது. தரவுத்தளத்தில் தேதிகள் வரிசையாக `18:30:00` என்று முடிந்தால், இந்திய நள்ளிரவுகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. `new Date("2024-08-12")` என்று எழுத்தாகக் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பொது நேர நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். போடியில் அது காலை ஐந்தரை, ஜெத்தாவில் மூன்று. இரண்டிலும் தேதி சரி. நியூயார்க்கில் மட்டும் 11-ஆம் தேதி இரவு எட்டு.

தீர்வு, இரண்டு வகைத் தகவலையும் கலக்காமல் இருப்பதுதான். ஏலத் தேதி ஒரு நாள். அதை `2024-08-12` என்ற எழுத்தாகவே வைத்து, மண்டலம் மாற்றாமல் காட்ட வேண்டும். விலை கேட்ட நொடி ஒரு கணம். அதைப் பொது நேரத்தில் வைத்து, பார்ப்பவரின் மண்டலத்தில் காட்ட வேண்டும். சோதிக்கப் பயணம் வேண்டாம்:

```
TZ=America/New_York node test.js
```

காட்டும்போது மாதத்தைப் பெயரால் எழுதுவது நல்லது. 12/08 என்றால் அமெரிக்கர் டிசம்பர் 8 என்று படிப்பார்.

எண்ணிலும் இந்தத் தொல்லை உண்டு. 1.250 கிலோ மாதிரிப் பொட்டலம் ஜெர்மானியர் கண்ணுக்கு 1250 கிலோ, ஏனெனில் அவர்களுக்குப் புள்ளிதான் ஆயிரம் பிரிக்கும் குறி. மொழியை மட்டும் கேட்டாலும் போதாது: `ta-IN` என்றால் 12,34,567, அதே தமிழ், சிங்கப்பூருக்கான `ta-SG` என்றால் 1,234,567.